இரண்டு வளைவரைகள் வெட்டும் கோணம்: வெட்டுப்புள்ளியில் தொடங்கி விடை வரை

இரண்டு வளைவரைகள் எந்தக் கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன என்ற கேள்வி, அந்தப் புள்ளியில் அவற்றுக்கு வரையும் இரண்டு தொடுகோடுகளுக்கு நடுவே என்ன கோணம் என்ற கேள்விதான். வளைவரை வளைந்துகொண்டே போகும்; அதனிடம் கோணம் கேட்க முடியாது. தொடுகோடு நேர்கோடு, அதனிடம் கேட்கலாம். அதனால் வேலை முழுவதும் தொடுகோடுகளின் சாய்வைக் கண்டுபிடித்து, அந்தச் சாய்வுகளிலிருந்து கோணத்தை எடுப்பதுதான்.

பட்டர்வொர்த்தில் நான் எடுக்கும் டியூஷன் வகுப்பில் ஐந்தாம் படிவத்தாரும் ஆறாம் படிவத்தாரும் கலந்து உட்காருகிறார்கள். இந்தக் கணக்கில் அவர்கள் தடுமாறுவதற்கு ஒரு காரணம் தெளிவாகத் தெரிகிறது. ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தில் வகையிடல் இரண்டாம் பாடம். Tan(A − B) சூத்திரம் ஆறாம் பாடமான திரிகோணமிதியில் வருகிறது. நடுவே மூன்று பாடங்கள். இரண்டும் ஒரே கணக்கில் சேரும்போது, எதை எப்போது எடுப்பது என்ற வரிசை குழம்பிவிடுகிறது. அந்த வரிசையைத்தான் இங்கே ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு காட்டப்போகிறேன்.

எடுத்துக்காட்டு இது: y = x² என்ற வளைவரையும் y = 4x − 3x² என்ற வளைவரையும் எங்கே வெட்டுகின்றன, எந்தக் கோணத்தில் வெட்டுகின்றன?

## 1. தொடங்கும் முன்

மூன்று விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும். xⁿ போன்ற எளிய சார்புகளை வகையிடத் தெரிய வேண்டும். இரண்டு சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்க்கத் தெரிய வேண்டும். ஒரு நேர்கோட்டின் சாய்வு என்பது, அது x அச்சின் நேர்த்திசையோடு செய்யும் கோணத்தின் tan மதிப்பு என்பது நினைவில் இருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சூத்திரத்தில் tan எங்கிருந்து குதிக்கிறது என்று பிறகு கேட்கிறார்கள்.

கணிப்பானை எடுத்ததும் திரையின் மேலே சிறியதாக D என்று இருக்கிறதா என்று பாருங்கள். R இருந்தால் அது ரேடியனில் இருக்கிறது. வட்ட அளவைப் பாடம் செய்தபோது மாற்றிவைத்து, அப்படியே விட்டிருப்பார்கள். விடை 53 பாகைக்குப் பதில் 0.927 என்று வந்தால் காரணம் இதுதான். இரண்டு வளைவரைகள் ஒரு பாகைக்கும் குறைவான கோணத்தில் வெட்டுகின்றன என்று எழுதுவதற்கு முன் கணிப்பானின் மேல் சந்தேகப்படுங்கள்.

## 2. முதலில் வெட்டுப்புள்ளிகள், எல்லாமும்

கையில் சமன்பாடு வந்தவுடன் வகையிடத் தொடங்கிவிடுவது பழக்கம். கொஞ்சம் பொறுங்கள். வளைவரையின் சாய்வு இடத்துக்கு இடம் மாறும். எந்தப் புள்ளியில் நிற்கிறோம் என்று தெரியாமல் சாய்வு என்ற எண்ணே கிடைக்காது. அதனால் முதல் வேலை புள்ளி.

வெட்டும் இடத்தில் இரண்டு வளைவரைகளுக்கும் ஒரே x, ஒரே y. ஆகவே y-களைச் சமப்படுத்துகிறோம்:

```
x² = 4x − 3x²
4x² − 4x = 0
4x(x − 1) = 0
x = 0  அல்லது  x = 1
```

x = 0 என்றால் y = 0. x = 1 என்றால் y = 1. இரண்டு புள்ளிகள்: (0, 0), (1, 1).

இங்கேயே ஒரு பெரிய பிழை காத்திருக்கிறது. 4x² = 4x என்ற வரி வந்ததும், "சார், ரெண்டு பக்கமும் 4x இருக்கு லா, வெட்டிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். வெட்டினால் x = 1 மட்டும் மிஞ்சும்; (0, 0) காணாமல் போய்விடும். x-ஆல் வகுக்கும்போது x பூஜ்யமில்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அது பூஜ்யமாகும் இடமும் ஒரு விடை. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுபோய்க் காரணிப்படுத்துங்கள், எதுவும் தொலையாது.

இன்னொரு பிழை, புள்ளியைத் தேடும்போது வகைக்கெழுக்களைச் சமப்படுத்துவது. 2x = 4 − 6x என்று எழுதி x = 1/2 என்று முடிப்பார்கள். அது இரண்டு வளைவரைகளுக்கும் ஒரே சாய்வு இருக்கும் x மதிப்பு. அந்த இடத்தில் அவை சந்திக்கவே இல்லை. ஒன்றின் y மதிப்பு 1/4, மற்றதின் y மதிப்பு 5/4. சந்திக்கும் இடம் வேண்டுமென்றால் y-களைச் சமப்படுத்த வேண்டும். வகைக்கெழுவுக்கு இந்தப் படியில் வேலையே இல்லை.

புள்ளி கிடைத்ததும் அதை இரண்டு சமன்பாடுகளிலும் போட்டுப் பாருங்கள். (1, 1)-ஐ இரண்டாவதில் போட்டால் 4 − 3 = 1, சரி. இங்கே தவறு இருந்தால் பின்னால் வரும் எல்லாமே அந்தத் தவறின் மேல்தான் நிற்கும்.

## 3. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு சாய்வுகள்

இப்போது வகையிடலாம். முதல் வளைவரைக்கு dy/dx = 2x. இரண்டாவதற்கு dy/dx = 4 − 6x. உடனே எண்ணாக மாற்றிவிடுங்கள்.

```
(0, 0):  m₁ = 2(0) = 0    m₂ = 4 − 6(0) = 4
(1, 1):  m₁ = 2(1) = 2    m₂ = 4 − 6(1) = −2
```

2x, 4 − 6x என்று எழுத்தாகவே சூத்திரத்துக்குள் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அது தவறில்லை, ஆனால் உள்ளே x உள்ள ஒரு பெரிய பின்னம் வந்து நிற்கும். அதைச் சுருக்கப் போய் குறி மாறிவிடும். சாய்வை எண்ணாக்கிய பிறகு சூத்திரத்தைத் தொட்டால் அந்தச் சிக்கலே இல்லை.

மேலே எழுதியிருப்பதுபோல் புள்ளிக்கு ஒரு வரியாக எழுதும் பழக்கமும் நல்லது. ஒரு புள்ளியின் m₁-ஐ இன்னொரு புள்ளியின் m₂-வோடு சேர்த்துப் போட்டுவிடும் தவறை அது தடுக்கிறது.

இந்த இரண்டு வரிகளையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் புள்ளியில் சாய்வுகளின் வித்தியாசம் 4. இரண்டாவது புள்ளியிலும் 2-க்கும் −2-க்கும் வித்தியாசம் 4. அப்படியானால் இரண்டு இடத்திலும் ஒரே கோணம்தானா? இல்லை. ஏன் இல்லை என்பது அடுத்த படியில் வருகிறது. இந்தக் கணக்கின் உயிரே அங்கேதான்.

## 4. சூத்திரம் ஏன் அப்படி இருக்கிறது

முதல் தொடுகோடு x அச்சோடு α என்ற கோணமும், இரண்டாவது β என்ற கோணமும் செய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு நடுவே உள்ள கோணம் α − β. நமக்குத் தெரிந்தவை α, β அல்ல; tan α = m₁, tan β = m₂ என்பவை மட்டுமே. tan மதிப்புகளைக் கழித்தால் கோணங்களைக் கழித்தது ஆகாது. அதற்குத்தான் திரிகோணமிதிப் பாடத்தின் வித்தியாசச் சூத்திரம்:

```
tan(α − β) = (tan α − tan β) / (1 + tan α · tan β)
```

tan α, tan β இருக்கும் இடங்களில் m₁, m₂ போட்டால் வேண்டியது கிடைத்துவிடும்:

```
tan θ = | (m₁ − m₂) / (1 + m₁m₂) |
```

மேலே தொகுதியில் இருப்பது சாய்வுகளின் வித்தியாசம். கீழே பகுதியில் இருக்கும் 1 + m₁m₂, அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிய கோணமாகிறது என்று தீர்மானிக்கிறது. சாய்வு 0-விலிருந்து 1-க்குப் போனால் கோணம் 45 பாகை கூடுகிறது. சாய்வு 10-லிருந்து 11-க்குப் போனாலும் வித்தியாசம் 1-தான். ஆனால் அந்தக் கோடு ஏற்கெனவே கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்பதால் கோணம் அரைப் பாகை சொச்சம் மட்டுமே கூடும். பகுதி இல்லாமல் சூத்திரம் இதைச் சொல்ல முடியாது.

நேர்க்குறி, எதிர்க்குறி மாற்றி நினைவு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: tan(A − B) என்றால் மேலே கழித்தல், கீழே கூட்டல். கீழே 1 − m₁m₂ என்று போட்டால் அது tan(A + B)-யின் பகுதி.

இரண்டு பக்கமும் உள்ள மட்டுக்குறிக்கும் காரணம் இருக்கிறது. இரண்டு கோடுகள் வெட்டினால் ஒரு குறுங்கோணமும் ஒரு விரிகோணமும் உண்டாகும். இரண்டும் சேர்ந்தால் 180 பாகை. விரிகோணத்தின் tan எதிர்மறை, குறுங்கோணத்தின் tan நேர்மறை, அளவு மட்டும் ஒன்றே. வெட்டும் கோணம் என்றால் குறுங்கோணத்தைச் சொல்வது வழக்கம் என்பதால் மட்டுக்குறி போட்டு நேர்மறையை எடுத்துக்கொள்கிறோம். எந்த வளைவரையை m₁ என்று வைப்பது என்ற கவலையும் அதனால் போய்விடுகிறது.

## 5. பிரதியிடுதல்

முதலில் (0, 0):

```
tan θ = | (0 − 4) / (1 + 0·4) | = 4
θ = tan⁻¹(4) = 75.96°
```

அப்புறம் (1, 1):

```
tan θ = | (2 − (−2)) / (1 + 2·(−2)) | = | 4 / (−3) | = 4/3
θ = tan⁻¹(4/3) = 53.13°
```

தொகுதியின் அளவு இரண்டிலும் 4. பகுதி மாறியதால் கோணம் மாறிவிட்டது.

இரண்டாவது புள்ளியில் மட்டுக்குறியை மறந்தவர்களுக்குக் கணிப்பான் −53.13 என்று காட்டும். அதோடு 180 கூட்டினால் 126.87, அது அதே இடத்தில் உள்ள விரிகோணம். கேள்வியில் குறுங்கோணம் என்று தெளிவாகக் கேட்டிருந்தால் 53.13 மட்டுமே விடை. விடையை எதிர்மறைக் கோணமாக எழுதிவிட்டு நகராதீர்கள்.

கணிப்பானில் அழுத்தும்போது தொகுதிக்கும் பகுதிக்கும் தனித்தனியே அடைப்புக்குறி போடுங்கள். அடைப்புக்குறி இல்லாமல் ஒரே வரியில் அழுத்தினால் என்ன ஆகிறது பாருங்கள்:

```
2 − −2 ÷ 1 + 2 × −2  =  0
```

கணிப்பான் தவறு செய்யவில்லை. வகுத்தலையும் பெருக்கலையும் முதலில் முடித்தது, அவ்வளவுதான். ஆனால் tan θ = 0 என்று கிடைத்துவிட்டதால், வளைவரைகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்கின்றன என்று எழுதிய தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். நம்பும்படியான தவறான விடை என்பதால் இது ஆபத்தானது. சரியான வரி இது:

```
(2 − −2) ÷ (1 + 2 × −2)
```

## 6. விடையைச் சரிபார்க்கும் வழி

சூத்திரத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு தொடுகோடும் x அச்சோடு செய்யும் கோணத்தைத் தனியாகக் கண்டுபிடித்துக் கழித்துப் பாருங்கள். (1, 1)-இல் சாய்வு 2 உள்ள கோடு 63.43 பாகை. சாய்வு −2 உள்ள கோட்டுக்கு கணிப்பான் −63.43 என்று தரும். 180 கூட்டினால் 116.57. இரண்டுக்கும் வித்தியாசம் 53.14 என்று வருகிறது. கடைசி இலக்கம் மாறுவது முழுமையாக்கியதால் மட்டுமே. கூடுதல் இலக்கங்களோடு கழித்தால் 53.13-தான். (0, 0)-இல் ஒரு கோடு x அச்சே, கோணம் 0, மற்றது 75.96. வித்தியாசம் 75.96.

குறியை மாற்றிப் போட்ட பிழையை இது உடனே பிடித்துவிடும். பகுதியில் 1 − m₁m₂ போட்டிருந்தால் (1, 1)-இல் 4/5 வந்து, கோணம் 38.66 பாகை ஆகியிருக்கும். அந்த எண்ணும் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. தனித்தனிக் கோணங்களைக் கழித்துப் பார்த்தால் மட்டும்தான் பொய் என்று தெரியும்.

கழித்த விடை 90-ஐத் தாண்டினால் அதை 180-லிருந்து கழியுங்கள், குறுங்கோணம் கிடைக்கும்.

வரைபடம் வரைந்து பாகைமானியால் அளந்து பார்க்கலாமா? அளக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டு அச்சுகளிலும் ஒரே அளவுத்திட்டம் இருக்க வேண்டும். பள்ளியில் வரைபடத் தாளில் x அச்சுக்கு ஓர் அளவு, y அச்சுக்கு வேறு அளவு எடுத்துத்தான் பழகியிருப்போம். அங்கே கோணம் கெட்டுவிடும். நம் எடுத்துக்காட்டையே எடுங்கள். x அச்சில் 2 சென்டிமீட்டருக்கு 1 அலகும், y அச்சில் 1 சென்டிமீட்டருக்கு 1 அலகும் வைத்தால், உயரங்கள் எல்லாம் பாதியாக நசுங்கும். சாய்வு 2 தாளில் 1-ஆகவும், −2 தாளில் −1-ஆகவும் தெரியும். பாகைமானி வைத்தால் மிகச் சரியாக 90 பாகை காட்டும். கணக்கில் 53, தாளில் 90. கைபேசியில் வரைபடச் செயலி வைத்திருப்பவர்களும் ஒரு திசையில் மட்டும் இழுத்துப் பெரிதாக்கினால் இதே ஏமாற்றம்தான்.

## 7. பகுதி பூஜ்யமானால்

1 + m₁m₂ = 0 ஆனால் கணிப்பான் பிழை என்று காட்டும். பயப்பட வேண்டாம், விடை கிடைத்துவிட்டது. m₁m₂ = −1 என்றால் தொடுகோடுகள் செங்குத்து, கோணம் 90 பாகை. அதை எழுதிவிட்டு நிறுத்துங்கள். tan θ = ∞ என்று எழுத வேண்டியதில்லை.

இந்த வகையில் வெட்டுப்புள்ளியைக் கண்டுபிடிக்காமலேயே விடை சொல்லிவிடும் கணக்குகளும் உண்டு. x² − y² = 3, xy = 2 என்ற இரண்டையும் எடுங்கள். முதலாவதை வகையிட்டால் 2x − 2y(dy/dx) = 0, ஆகவே சாய்வு x/y. இரண்டாவதை வகையிட்டால் y + x(dy/dx) = 0, ஆகவே சாய்வு −y/x. பெருக்கினால் x-ம் y-ம் அடிபட்டு −1 மட்டும் மிஞ்சுகிறது. எந்தப் புள்ளியில் வெட்டினாலும் செங்கோணம்தான். 3-க்கும் 2-க்கும் பதில் பூஜ்யமல்லாத வேறு எந்த எண்களைப் போட்டாலும் இது மாறாது. சந்தேகம் இருந்தால் (2, 1) புள்ளியைப் போட்டுப் பாருங்கள்: அது இரண்டு சமன்பாடுகளிலும் பொருந்தும், சாய்வுகள் 2, −1/2.

படி 2-இல் புள்ளியை முதலில் தேடச் சொன்னேன். எழுத்துகள் தாமாகவே அடிபட்டுப் போகும் இந்த மாதிரிக் கணக்கு மட்டும் அதற்கு விலக்கு.

## 8. நிமிர்ந்து நிற்கும் தொடுகோடு

y² = x என்ற வளைவரைக்கு (0, 0)-இல் தொடுகோடு y அச்சே. வகையிட்டால் dy/dx = 1/(2y); y = 0 போட்டால் பொருளில்லை. சூத்திரத்துக்குள் போட ஓர் எண்ணே கிடையாது.

இங்கே சூத்திரத்தை வற்புறுத்தாமல் கோணத்தை நேராக எடுங்கள். நிமிர்ந்த கோடு x அச்சோடு 90 பாகை. மற்ற தொடுகோட்டின் கோணத்தை அதிலிருந்து கழித்தால் ஆயிற்று. y² = x, y = x² + 2x இரண்டும் (0, 0)-இல் வெட்டுகின்றன. இரண்டாவதன் சாய்வு அங்கே 2, அதாவது 63.43 பாகை. வெட்டும் கோணம் 90 − 63.43 = 26.57 பாகை.

தொடுகோடு நிமிர்ந்து நிற்கிறது என்றதும் விடை 90 என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மற்றது படுத்திருந்தால் மட்டும்தான் 90. y² = x-ம் y = x²-ம் (0, 0)-இல் அப்படி வெட்டுகின்றன.

## 9. சாய்வுகள் சமமாக வந்தால்

தொகுதி பூஜ்யம், கோணம் பூஜ்யம். வளைவரைகள் அந்த இடத்தில் ஒரே தொடுகோட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. y = x², y = x³ இரண்டும் (0, 0)-இல் இப்படித்தான்; இரண்டின் சாய்வும் அங்கே 0. அவையே (1, 1)-இல் சாய்வு 2, 3 என்று சந்தித்து, tan θ = 1/7, கோணம் 8.13 பாகை தருகின்றன. பூஜ்யம் வந்ததும் எங்கோ தவறு என்று திரும்பிப் போகாதீர்கள். அடைப்புக்குறியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## 10. y தனியாக இல்லாத சமன்பாடுகள்

xy = 2, y² = 4x. இவற்றில் y ஒரு பக்கம் தனியாக நிற்கவில்லை. புள்ளியைத் தேடும் முறை அதேதான், எது எளிதோ அதைப் பிரதியிட வேண்டும். முதலாவதிலிருந்து x = 2/y; இரண்டாவதில் போட்டால் y² = 8/y, அதாவது y³ = 8. y = 2, x = 1. ஒரே ஒரு புள்ளி (1, 2).

சாய்வுக்கு இரண்டு வழி. ஆறாம் படிவத்தார் அப்படியே வகையிட்டு, முதலாவதுக்கு −y/x, இரண்டாவதுக்கு 2/y என்று எடுக்கலாம். (1, 2)-ஐப் போட்டால் −2, 1.

ஐந்தாம் படிவத்தார் y-ஐத் தனியாக்கி y = 2/x, y = 2√x என்று எழுதி வகையிடலாம்: −2/x², 1/√x. x = 1 போட்டால் அதே −2, 1. வர்க்கமூலம் எடுக்கும்போது மட்டும் கவனம். y = 2√x என்பது பரவளைவின் மேல்பாதி; கீழ்ப்பாதி y = −2√x. நம் புள்ளியில் y = 2, நேர்மறை, ஆகவே மேல்பாதி சரி. புள்ளியின் y எதிர்மறையாக இருந்தால் கீழ்ப்பாதியை எடுக்க வேண்டும். இல்லையென்றால் சாய்வின் குறி புரண்டுவிடும்.

```
tan θ = | (−2 − 1) / (1 + (−2)(1)) | = | −3 / −1 | = 3
θ = 71.57°
```

தனிக்கோணங்களால் சரிபார்த்தால் 116.57 − 45 = 71.57. சரி.

## 11. கோணத்தைத் தந்து மாறிலியைக் கேட்டால்

கேள்வி தலைகீழாகவும் வரும். y = x², y = ax² + bx இரண்டும் (1, 1)-இல் 45 பாகையில் வெட்டுகின்றன; a, b என்ன?

முதல் வளைவரையின் சாய்வு அங்கே 2. இரண்டாவதன் சாய்வை m என்று வைத்துக்கொள்ளுங்கள். a, b இரண்டையும் உடனே சூத்திரத்துக்குள் இழுக்க வேண்டாம். முதலில் m மட்டும் போதும்.

```
| (2 − m) / (1 + 2m) | = tan 45° = 1
```

இங்கே மட்டுக்குறிக்கு முழு வேலை. அதைக் கழற்றும்போது இரண்டு சமன்பாடுகள் எழுத வேண்டும்:

```
2 − m = 1 + 2m       →  m = 1/3
2 − m = −(1 + 2m)    →  m = −3
```

முதல் வரியோடு நிறுத்துவதுதான் இந்த வகைக் கணக்கில் நான் அதிகம் பார்க்கும் இழப்பு. கோணம் 45 என்றால் அந்தக் கோடு ஒரு பக்கமும் சாயலாம், மறுபக்கமும் சாயலாம். இரண்டுமே கேள்வியை நிறைவு செய்கின்றன.

இனி a, b. வளைவரை (1, 1) வழியாகப் போவதால் a + b = 1. சாய்வு 2ax + b என்பதில் x = 1 போட்டால் 2a + b = m. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் a = m − 1.

m = 1/3 என்றால் a = −2/3, b = 5/3. m = −3 என்றால் a = −4, b = 5.

கோணம் 45 ஆக இருக்கும் கணக்குகளுக்கு மட்டும் ஒரு சரிபார்ப்பு உண்டு. முதல் தொடுகோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 45 பாகை சாய்ந்த கோடுகள் தங்களுக்குள் 90 பாகையில் நிற்க வேண்டும். 1/3-ஐயும் −3-ஐயும் பெருக்கினால் −1 வருகிறதா என்று பாருங்கள். கோணம் 30, 60 என்று இருந்தால் இது பொருந்தாது. அப்போது ஒவ்வொரு m-ஐயும் திரும்பச் சூத்திரத்தில் போட்டு, கேட்ட கோணம் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.